ஒன்பதாயிரம் ரூபாய் வித்தியாசம்

கோவையில் சப்மெர்சிபிள் மோட்டார் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்வெல்லுக்குள் இறக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார் பம்புதான் அவர்கள் அதிகம் விற்கும் சரக்கு. வெளியூரிலிருந்து வரும் இன்னொரு கம்பெனியின் 5 குதிரைத்திறன் பம்பு, இவர்களுடையதைவிட 9,000 ரூபாய் குறைவு. விற்பனையாளர் எந்த வாசலில் போய் நின்றாலும் அதே வாக்கியம் வருகிறது: "அவங்க ஒன்பதாயிரம் கம்மியா தர்றாங்களே?" அதற்கு அவர் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறார், அல்லது முதலாளிக்குப் போன் போட்டுத் தள்ளுபடி கேட்கிறார். நாம் இப்போது டீயை வைத்துக்கொண்டு இந்த விற்பனையாளருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதித் தரப்போகிறோம். விற்பனைத் துறையில் அதற்குப் பேட்டில் கார்டு என்று பெயர். போட்டியாளரின் பெயர் பேச்சில் வந்தவுடன் கையில் எடுக்கவேண்டிய தாள் அது.

பெயரில் 'போர்' இருப்பதால்தானோ என்னவோ, இதை எழுத உட்காரும் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். தாளின் நடுவில் ஒரு கோடு போடுகிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கீழே பதினெட்டு வரிசை: செம்புக் கம்பியின் தரம், எஃகின் தரம், தாங்கு வளையம், உத்தரவாதக் காலம், சர்வீஸ் சென்டர்களின் எண்ணிக்கை. நம் பக்கம் முழுக்கப் பச்சை டிக், அவர்கள் பக்கம் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறி. பார்க்க அழகாக இருக்கும். முதலாளிக்கு மிகவும் பிடிக்கும். இதைத்தான் பேட்டில் கார்டு என்று பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் இருக்கிறது.

வாடிக்கையாளர் சொன்னது பணத்தைப் பற்றி. டிக் அட்டவணை பதில் சொல்வது எஃகைப் பற்றி. "அரிசி விலை ஏன் கூட?" என்று கேட்பவரிடம் மூட்டையின் தையல் எவ்வளவு உறுதி என்று விளக்குவதுபோல ஆகிவிடுகிறது. தையல் உறுதியாகவே இருக்கலாம். அவர் கேட்டது அதுவல்ல. இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். போட்டியாளரின் ஆளிடமும் இதேபோல ஓர் அட்டவணை இருக்கும், அதில் டிக்குகள் இடம் மாறியிருக்கும். இரண்டு தாளையும் பார்த்த வாடிக்கையாளர் இரண்டையும் நம்பாமல், தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே எண்ணுக்குத் திரும்புகிறார். அந்த எண் 9,000. அதாவது விலைப் பேச்சிலிருந்து வெளியே வர எழுதிய தாள், அவரை விலைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆகவே நம் தாள் போட்டியாளரைப் பற்றியதாக இருக்கக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் தண்ணீரையும் அவருடைய பணத்தையும் பற்றியதாக இருக்கவேண்டும். 9,000 ரூபாய் குறைவு என்பது இந்த மனிதருக்கு உண்மையிலேயே குறைவுதானா என்று கண்டுபிடிக்கும் கேள்விகள் அதில் இருக்கவேண்டும். சிலருக்கு உண்மையிலேயே குறைவுதான். அவர்களை அடையாளம் கண்டு விலகி வரவும் அதே தாள் உதவவேண்டும்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை. கடைசியாகக் கைவிட்டுப்போன பன்னிரண்டு ஆர்டர்களை எடுத்துக்கொள்வோம். விற்பனையாளரின் குறிப்பில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் எதிரே 'விலை' என்றுதான் எழுதியிருக்கும். அவர் பொய் எழுதவில்லை. வாடிக்கையாளர் அப்படித்தான் சொல்லியிருப்பார், மறுப்பதற்கு மரியாதையான காரணம் விலைதான். அந்த விற்பனையாளர் அல்லாத வேறொருவர் அவர்களைக் கூப்பிட்டு, "ஏன் எங்களிடம் வாங்கவில்லை?" என்று கேட்காமல், "அன்றைக்கு என்ன நடந்தது, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று கேட்கட்டும். சிலர் விலை என்றே சொல்வார்கள். சிலர், மோட்டார் எரிந்துபோன அன்று மாலையே அவர்களிடம் சரக்கு இருந்தது, உங்களிடம் மூன்று நாள் ஆகும் என்றார்கள் என்பார்கள். இன்னும் சிலர், போர் வேலை செய்கிற மெக்கானிக் அதைத்தான் இறக்கச் சொன்னார் என்பார்கள். பின்னால் சொன்ன இரண்டையும் எந்தத் தாளாலும் தீர்க்கமுடியாது. ஒன்று கிடங்கின் வேலை, மற்றது மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து பேசவேண்டிய வேலை. அவற்றை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, உண்மையான விலைப் பிரச்சினையை மட்டும் நம் தாளுக்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கு. இதுதான் தாளின் நெஞ்சு, மெதுவாகப் போகலாம். மோட்டார் பம்பு வாங்கும்போது நாம் ஒருமுறை பணம் கொடுக்கிறோம். பிறகு அது ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் மின்வாரியத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது செயல்திறன். சின்னப் பாத்திரத்தைப் பெரிய அடுப்பில் வைத்தால் தீ பக்கவாட்டில் போய் வீணாகிறதல்லவா? பம்பிலும் அப்படித்தான். 100 ரூபாய் மின்சாரத்தில் எத்தனை ரூபாய் தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது, எத்தனை ரூபாய் சூடாகவும் உராய்வாகவும் போகிறது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மோட்டாரையும் பம்பையும் சேர்த்து மொத்தச் செயல்திறன் என்று சொல்வார்கள். சப்மெர்சிபிள் பம்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8034. அதன்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற பம்பின் தகட்டில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை சதவீதச் செயல்திறனில் என்று பொறித்திருப்பார்கள்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். குழாயின் உராய்வையும் சேர்த்து, தண்ணீரை 100 மீட்டர் தூக்கவேண்டும். விநாடிக்கு 2 லிட்டர், அதாவது மணிக்கு 7,200 லிட்டர் வேண்டும். இவ்வளவு தண்ணீரை இவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் இயற்கை கேட்கும் சக்தி ஏறக்குறைய 1.96 கிலோவாட். இதை யாராலும் குறைக்கமுடியாது. விலை குறைந்த பம்பின் மொத்தச் செயல்திறன் 40 சதவீதம் என்றால், மீட்டரில் 4.9 கிலோவாட் இழுக்கும். நம்முடையது 48 சதவீதம் என்றால் 4.1 இழுக்கும். இரண்டின் மேலும் '5 குதிரைத்திறன்' என்றுதான் எழுதியிருக்கும். அது மோட்டாரின் வகுப்பைச் சொல்கிறதே தவிர, மீட்டரில் எவ்வளவு ஓடும் என்பதைச் சொல்லவில்லை. வித்தியாசம் 0.8 கிலோவாட், அதாவது மணிக்கு 0.8 யூனிட். குடியிருப்பின் பொது மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 6 ரூபாய் 40 காசு.

இப்போது 9,000 ரூபாயை இந்த 6.40 ரூபாயால் வகுத்துப் பார்ப்போம். ஏறக்குறைய 1,400 வருகிறது. அதாவது இந்தப் பம்பு 1,400 மணி நேரம் ஓடிவிட்டால், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வந்துவிடுகிறது. இந்த ஓர் எண்ணுக்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்துவந்தோம். தாளில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இது இருக்கவேண்டும். விற்பனையாளருக்குச் செயல்திறனின் சூத்திரம் தெரியவேண்டியதில்லை. அவர் கேட்கவேண்டியது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடும் குடியிருப்பில் எட்டு மாதத்துக்குள் கணக்கு நேராகிவிடும். அதன்பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய் சங்கத்தின் கையில் நிற்கும். தனி வீட்டுக்காரர் ஒருவர் மொட்டைமாடித் தொட்டி நிரம்ப நாளுக்கு இருபது நிமிடம் ஓட்டுகிறார் என்றால், 1,400 மணி நேரத்தைத் தொட அவருக்குப் பதினொரு வருடத்துக்கு மேல் ஆகும். அவர் விலை குறைந்ததை வாங்குவதே புத்திசாலித்தனம். அவரிடம் போய் நம் பம்பு சிக்கனம் என்று வாதாடுவது, எனக்குத் தோன்றுகிறபடி, தப்பான விற்பனை. வீணான மத்தியானமும்கூட.

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் ஒருவரிடம் இந்தத் தாள் எப்படிப் பேசும் என்று பார்ப்போம். அவர் 9,000 ரூபாயைச் சொன்னவுடன் விற்பனையாளர் மறுக்கவில்லை.

"ஆமாங்க சார், அவங்க விலை கம்மிதான். உங்க போர்ல மோட்டார் எத்தனை அடியில நிக்குது?"

"முந்நூறு அடி இருக்கும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுறீங்க?"

"காலைல மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம். வெயில் காலத்துல இன்னும் கூட."

"பொது மீட்டர் பில் யார் சார் கட்டுறது, சங்கமா?"

"சங்கம்தான். அதுதான் ஒவ்வொரு மீட்டிங்லயும் தகராறு."

கவனித்தீர்களா, மூன்று கேள்வியிலும் போட்டியாளர் இல்லை, நம் பம்பும் இல்லை. ஆனால் கடைசிப் பதிலில் அவருடைய உண்மையான வலி தானாக வந்து விழுந்துவிட்டது. இனி விற்பனையாளர் தாளில் உள்ள வெற்றுக் கட்டங்களை அவர் கண்ணெதிரே, அவருடைய எண்களைக் கொண்டே நிரப்பவேண்டும்: ஓடும் நேரம், யூனிட் விலை, இரண்டு தகடுகளிலும் உள்ள செயல்திறன். கட்டங்களை நாமே முன்கூட்டி அச்சடித்து நிரப்பிக்கொண்டு போனால் அது விளம்பரம். அவர் சொல்லி நாம் எழுதினால் அது அவருடைய கணக்கு. நாளை சங்கக் கூட்டத்தில் அந்தக் கணக்கை அவரேதான் எழுந்து நின்று சொல்லப்போகிறார்.

அவர் நம்பாவிட்டால்? நம்பவேண்டிய அவசியமும் இல்லை. இப்போது போரில் இருக்கும் பழைய பம்பை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். லிஃப்ட், படிக்கட்டு விளக்கு போன்ற மற்றப் பொதுச் சுமைகள் நிறுத்தியிருக்கும் நேரத்தில், மீட்டர் எத்தனை யூனிட் நகர்ந்தது, தொட்டியில் எத்தனை லிட்டர் ஏறியது என்று குறித்துக்கொண்டால் போதும். ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று வாட்ச்மேனே சொல்லிவிடுவார். நம் எடுத்துக்காட்டில் 40 சதவீதப் பம்பு ஆயிரம் லிட்டருக்கு 0.68 யூனிட் எடுக்கும், 48 சதவீதப் பம்பு 0.57. புதிய பம்பை இறக்கியபிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்து காட்டுகிறோம் என்று எழுதித் தரமுடிந்தால், பதினெட்டுப் பச்சை டிக்குகளைவிட அது மேல்.

ஓர் எச்சரிக்கை இங்கே தாளிலேயே இருக்கவேண்டும். தகட்டில் உள்ள செயல்திறன் அந்தக் குறிப்பிட்ட உயரத்துக்கும் அளவுக்கும்தான் பொருந்தும். 100 மீட்டருக்காகச் செய்த பம்பை 50 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால், நல்ல பம்பும் தன் செயல்திறனை இழந்துவிடும். மலைப்பாதைக்கான கியரில் சமவெளியில் வண்டி ஓட்டுவதுபோல. அதனால்தான் முதல் கேள்வி ஆழத்தைப் பற்றியதாக இருந்தது. பொருத்தம் தவறினால் 1,400 என்ற எண் பொய்யாகிவிடும். அந்தப் பொய்க்குப் பொறுப்பு நாம்தான்.

இதுவரை தாள் நன்றாக வேலை செய்கிறது. இப்போது அதே விற்பனையாளர் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிறார். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்புக்குக் கட்டணம் இல்லை. மணிக்கு 0.8 யூனிட் மிச்சமாகிறது என்றால் அந்த விவசாயியின் பையில் மிச்சமாவது பூஜ்யம். 9,000 ரூபாயைப் பூஜ்யத்தால் வகுக்கமுடியாது. குடியிருப்பில் ஜெயித்த வாதம் இங்கே வாசலிலேயே செத்துவிடுகிறது. விற்பனையாளர் பழக்கத்தில் மின்சாரச் சிக்கனத்தைப் பற்றிப் பேசினால், தன் நிலைமை தெரியாத ஆள் என்று விவசாயி முடிவுகட்டிவிடுவார்.

அவருக்குச் செலவே இல்லையா என்றால், இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் எரிந்தால் ஆட்களைக் கூப்பிட்டுக் குழாய் குழாயாகக் கழற்றி மேலே தூக்கவேண்டும், காயில் கட்டவேண்டும், திரும்ப இறக்கவேண்டும். அத்தனை நாளும் பயிருக்குத் தண்ணீர் இல்லை. எனவே இங்கே கேள்விகள் மாறுகின்றன: "ஏனுங்கண்ணா, கடைசியா மோட்டாரை எப்போ தூக்குனீங்க? எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு? தூக்கி இறக்க என்ன ஆச்சுங்க?" அவர் சொல்லும் பதிலில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூக்குகிறேன், ஐந்து நாள் நிற்கிறது என்று வந்தால், அங்கே பேசுவதற்கு ஒரு பொருள் கிடைக்கிறது. நம் கம்பெனி அந்த ஊருக்குள் எத்தனை நாளில் மாற்று மோட்டார் கொண்டுவரும் என்பதுதான் அப்போது பதில். இரண்டு நாளில் கொண்டுவர முடியாதென்றால் அந்த வரியைத் தாளில் எழுதவே கூடாது. கடந்த வருடம் அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்த பக்கத்து ஊர்த் தோட்டக்காரர், தன் எண்ணைத் தரச் சம்மதித்திருந்தால், அவர் பெயர் ஒன்று போதும்.

இதனால் விவசாயிக்கு இரண்டாவது தாள் வேண்டும். முதல் தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒரு பக்கம் என்ற கட்டுப்பாடு காகிதத்தை மிச்சப்படுத்த வந்ததல்ல. வாசலில் நிற்கிற மனிதர் பேசிக்கொண்டே கண்ணை ஓட்டக்கூடியது அவ்வளவுதான். வாங்குபவர் மாறினால் தாள் மாறவேண்டும்.

தாளில் இன்னும் இரண்டு சின்னக் கட்டங்கள். ஒன்று, 'அவர்கள் எங்கே நன்றாக இருக்கிறார்கள்'. இதை எழுதச் சொன்னால் கம்பெனிகள் தயங்கும். ஆனால் சரக்கு உடனே கிடைக்கிறது, குறைந்த நேரம் ஓடும் வீடுகளுக்கு அதுவே போதும் என்பதெல்லாம் உண்மையென்றால் விற்பனையாளர் அதை வாடிக்கையாளர் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்டுத் திகைக்கக்கூடாது. இரண்டாவது கட்டம், 'எங்கே விட்டுவிட்டு வரவேண்டும்'. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடினால் விட்டுவிடு என்று எண்ணோடு எழுதவேண்டும். ஒரு மணி நேரம் என்றால் பணம் திரும்ப ஏறக்குறைய நான்கு வருடம். அதற்குக் கீழே போனால் நம் வாதத்தில் பலம் இல்லை.

போட்டியாளரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அருகில், எங்கிருந்து தெரிந்தது, எந்தத் தேதி என்று இருக்கவேண்டும். தகட்டிலிருந்து, விலைப்பட்டியலிலிருந்து, நாமே ஓட்டிப் பார்த்ததிலிருந்து என்றால் எழுதலாம். டீலர் சொன்னார் என்றால் கூடாது. இந்தத் தாள் வாட்ஸ்அப்பில் ஏறி ஒரு வாரத்துக்குள் போட்டியாளரின் மேசைக்குப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டே எழுதுவது நல்லது. நம் பொருள் நல்லது என்று சொல்வது வேறு, அடுத்தவர் பொருள் மட்டம் என்று ஆதாரமில்லாமல் சொல்வது வேறு. பின்னது நீதிமன்றம் வரை போகும்.

கணக்கெல்லாம் ஒப்புக்கொண்டபிறகும், "சரி, இருந்தாலும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று செயலாளர் சொல்வார். அது தோல்வியல்ல, நம் ஊரில் வாங்குவதன் பாதிதான் அது. ஆனால் தாள் அதற்கும் ஒரு வரி வைத்திருக்கவேண்டும்: எதையும் சும்மா குறைக்காதே, பதிலுக்கு ஒன்றைக் கேள். முழுப் பணமும் முன்கூட்டி வந்தால் இவ்வளவு, இரண்டாவது பிளாக்குக்கும் சேர்த்து எடுத்தால் இவ்வளவு. பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் குறைத்தால், முதலில் சொன்ன விலை நியாயமானதல்ல என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மொத்த விற்பனையைப் பார்த்தால் தெரியாது. மழை பெய்தால்கூட அது மாறும். போட்டியாளரின் பெயர் அடிபட்ட பேச்சுகளை மட்டும் தனியே எண்ணவேண்டும். அவற்றில் எத்தனை கைக்கு வந்தன, வந்தவற்றில் எவ்வளவு தள்ளுபடி போனது. ஒரு மாதம் கழித்து விற்பனையாளரோடு இரண்டு இடத்துக்குக் கூடவே போய் நிற்பதும் நல்லது. தாளைக் கீழே வைத்துவிட்டு அந்த மூன்று கேள்விகளையும் அவர் தன் பேச்சிலேயே கேட்கிறார் என்றால் தாள் உள்ளே போய்விட்டது. பையிலிருந்து எடுத்து வாடிக்கையாளரிடம் நீட்டுகிறார் என்றால், அதை அவர் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தாளின் அடியில் ஒரு தேதியும், அதைத் திருத்தும் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணும் இருக்கவேண்டும். போட்டியாளர் தீபாவளிக்கு இன்னும் 3,000 ரூபாய் குறைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12,000 ஆகிறது. 6.40 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,875 மணி நேரம். ஆறு மணி நேரம் ஓட்டும் குடியிருப்புக்கு அது பத்து மாதத்துக்குக் கொஞ்சம் மேல்; செயலாளரிடம் இன்னும் தாராளமாகப் பேசலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கோ ஐந்து வருடத்துக்கு மேல் போய்விடும், 'விட்டுவிட்டு வா' என்ற கட்டத்தின் எல்லையை மேலே தூக்கவேண்டும். விலை மாறிய அன்றே இரண்டு எண்களையும் திருத்தி, பழைய தாள்களை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொள்ளவேண்டும்.